எழுந்தால் வரும் தலைவலி

"படுத்திருந்தா ஒண்ணுமில்ல சிஸ்டர். எந்திரிச்சு உக்காந்தா தலை பிளந்துபோற மாதிரி இருக்கு." சிசேரியன் முடிந்து இரண்டு மூன்று நாளான ஒரு பெண் வாயிலிருந்து இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து வந்தால், அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன்பே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். மனிதருக்கு வரும் தலைவலிகள் எத்தனையோ. உடம்பை நிமிர்த்தினால் வந்து, கிடத்தினால் போகும் தலைவலி மிகச் சில. அதிலும் முதுகில் ஊசி போட்டுக்கொண்ட ஐந்து நாளுக்குள் அது வந்தால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஊசி போன வழியில் தண்டுவட நீர் கசிகிறது.

இன்று தமிழ்நாட்டில் இந்தத் தலைவலியைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்ல. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்படி முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படுபவை. மதுரையில் அறுவை முடித்து, சோழவந்தானிலோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரையிலோ இருக்கும் தாய்வீட்டுக்குப் பச்சைக் குழந்தையோடு திரும்பும் பெண்ணுக்கு, இந்த வலி வீட்டில் வைத்தே முற்றலாம். அப்போது அதை முதலில் பார்ப்பவர் அவளுடைய அம்மா. டாக்டர் அதன் பிறகுதான்.

அப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். எந்த ஒருவரின் கதையுமில்லை இது. வழக்கமாக நடப்பவற்றைச் சேர்த்துக் கட்டியது. வயது இருபத்து நான்கு, தலைப்பிரசவம். திங்கட்கிழமை காலை சிசேரியன். அவளை உட்கார வைத்து, முன்னால் குனியச் சொல்லி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்துகிறார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே, பெரும்பாலோருக்கு முதல் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலேயே, முடிந்துவிடுகிறது. அதனால் ஊசி தண்டுவடத்தைத் தொடுவதில்லை. அங்கே நீரில் மிதக்கும் நரம்புக் கற்றைகள்தான் இருக்கின்றன. அந்த நீரைச் சுற்றி டியூரா என்ற தடித்த உறை. அதன் உட்பக்கம் ஒட்டினாற்போல் அரக்னாய்டு என்ற மெல்லிய உறை. இரண்டையும் துளைத்ததும் ஊசியின் பின்முனையில் கண்ணாடி போல் தெளிந்த ஒரு சொட்டு நீர் எட்டிப்பார்க்கும். இடம் சரி என்பதற்கு அதுவே அடையாளம். சுமார் இரண்டு மில்லி மருந்து உள்ளே போகிறது. ஊசி வெளியே வருகிறது. துளை மட்டும் அங்கேயே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, மெல்ல நடக்கச் சொல்கிறார்கள். அன்று அவளுக்குத் தையல் வலி மட்டுமே. புதன்கிழமை காலை, பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் நெற்றியும் பிடரியும் ஒருசேர வலிக்கத் தொடங்குகின்றன. கழுத்தின் பின்புறம் இறுகிப்போகிறது. காது அடைத்தது போல் இருக்கிறது. குமட்டுகிறது. படுத்தால் கால் மணி நேரத்துக்குள் எல்லாம் விட்டுவிடுகின்றன. மறுபடி எழுந்தால் மறுபடி அதே வலி. ஒரு தாய்க்கு இது எவ்வளவு கொடுமை என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து உட்கார்ந்தே தீர வேண்டிய நாட்களில், உட்காருவதையே தண்டனையாக்கும் வலி இது.

ஏன் இப்படி? மூளையும் தண்டுவடமும் ஒரே நீர்த்தொட்டியில் கிடக்கின்றன. அதில் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லி நீர். மூளைக்குள் இருக்கும் சிறு நாளக்கொத்துகள் நாளுக்கு ஏறத்தாழ 500 மில்லி சுரக்கின்றன; அதே அளவு ரத்தத்துக்குள் வடிந்துபோகிறது. மணிக்கு 20 மில்லி வரவு, 20 மில்லி செலவு. இந்த நீரில் மிதப்பதால்தான் 1,400 கிராம் மூளை மண்டைக்குள் 50 கிராம் அளவுக்கு எடை குறைந்து இருக்கிறது. முதுகிலிருக்கும் துளை வழியே, சுரப்பதைவிட வேகமாக நீர் வெளியேறினால் மிதப்பு குறைகிறது. படுத்திருக்கும்போது மூளையும் இடுப்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இடுப்புப் பகுதியில் நீரின் அழுத்தம் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குள் இருக்கும். எழுந்து உட்கார்ந்ததும் மேலிருக்கும் நீர்த்தம்பம் முழுவதும் கீழே அழுத்த, அந்த இடத்தில் அழுத்தம் 40 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. துளையிலிருந்து கசிவு கூடுகிறது. மேலே தாங்க நீரில்லாமல் மூளை சற்றே கீழிறங்குகிறது.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் உறைகளுக்கும் பெரிய ரத்தக் குழாய்களுக்கும் தெரியும். மூளை இறங்கும்போது அவை இழுபடுகின்றன. நெற்றியில் வலிப்பது அதனால். பிடரியும் கழுத்தும் வலிப்பது மேற்கழுத்து நரம்புகளும் சேர்ந்து இழுபடுவதால். இன்னொன்றும் நடக்கிறது. மண்டையோடு விரியாத கூடு. உள்ளே நீர் குறைந்தால் அந்த இடத்தை வேறொன்று நிரப்பியாக வேண்டும். ரத்தக் குழாய்கள், முக்கியமாகச் சிரைகள், விரிந்து அந்த இடத்தைப் பிடிக்கின்றன. விரிந்த குழாயும் வலிக்கும். காபியின் காஃபின் ஏன் கொஞ்சம் உதவுகிறது என்பதற்கான விளக்கம் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். காது அடைப்பு, உள்காது நீரின் அழுத்தம் இதனோடு சேர்ந்து குறைவதால். சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு மண்டையடியில் நெடுந்தூரம் செல்வது. மூளை இறங்கினால் அது இழுபடும்.

இந்தத் தலைவலியின் முதல் தெளிவான வர்ணனையை எழுதியவர், அதை அனுபவித்தவரே. ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவராக இருந்த ஆகஸ்ட் பியர், 1898 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒரு நோயாளியின் முதுகுத் தண்டு நீரில் கொக்கெய்ன் செலுத்தி, வலி தெரியாமல் காலில் அறுவை செய்தார். மனிதரிடம் திட்டமிட்டுச் செய்யப்பட்ட முதல் தண்டுவட மயக்க ஊசி என்று மருத்துவ வரலாறு குறிப்பது அதைத்தான். இப்படி ஊசி போட்ட அவருடைய நோயாளிகளில் சிலருக்குப் பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. மருந்தாலா, வேறு எதனாலா என்று அறிய, ஆகஸ்ட் 24 மாலை, தம் உதவியாளர் ஹில்டெப்ராண்டைத் தம் முதுகிலேயே ஊசி போடச் சொன்னார் பியர். ஊசி சரியாகவே நீருக்குள் போனது. ஆனால் சிரிஞ்சு அந்த ஊசியோடு பொருந்தவில்லை. பொருத்திப் பார்க்கும் நேரத்தில் நிறைய நீர் வெளியே கொட்டிவிட, மருந்து செலுத்தாமலே நிறுத்தினார்கள். பிறகு பியர் தம் உதவியாளருக்குப் போட்டார். அது வெற்றியாக முடிந்தது.

அறிவியலுக்கு இங்கே ஓர் அரிய பரிசு கிடைத்துவிட்டது. பியரின் உடம்பில் கொக்கெய்ன் போகவில்லை. நீர் மட்டும்தான் வெளியேறியிருந்தது. மறுநாளே அவருக்குத் தலைவலியும் தலைச்சுற்றலும் தொடங்கின. படுத்தால் மறைந்தன, எழுந்தால் திரும்பின. ஒன்பது நாள் அவர் படுக்கையில் கிடந்தார். நீர் இழப்பே காரணமாக இருக்க வேண்டும் என்ற அவருடைய ஊகம் நிற்க, மருந்து இல்லாத அவருடைய உடம்பைவிட நல்ல சான்று தேவையில்லை. துளையைச் சிறிதாக்க மெல்லிய ஊசி வேண்டும் என்ற எண்ணமும் அவர் காலத்திலேயே முளைத்துவிட்டது.

அந்த எண்ணத்தின் முழு வளர்ச்சியை இன்று ஊசியின் முனையில் பார்க்கலாம். பழைய ஊசியின் முனை சாய்வாகச் சீவப்பட்டு, கத்தி விளிம்போடு இருக்கும். குயின்கி ஊசி என்பார்கள். 1951இல் வந்த விட்டேக்கர் ஊசியின் முனை பென்சில் போலக் கூம்பியிருக்கும். துளை முனையில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். நெய்த துணியில் பிளேடை இறக்குவதற்கும், நூல்களை விலக்கிக்கொண்டு தையலூசி போவதற்கும் உள்ள வேறுபாடுதான் இரண்டுக்கும். அடுத்து வருவது தடிமன். 25 எண் ஊசியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்; 27 எண் ஊசி இன்னும் மெல்லியது. எண் கூடக்கூடத் தடிமன் குறையும். பிரசவப் பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2003இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், 24 எண் குயின்கி ஊசியில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இந்தத் தலைவலி வந்தது. 27 எண் விட்டேக்கர் ஊசியில் இரண்டு பேருக்கும் குறைவாகவே வந்தது.

இதையே முதுகில் ஊசி போடும் எல்லா நோயாளிகளுக்கும் விரித்துப் பார்த்தது 2018இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு. 110 ஆய்வுகள், முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோர். கத்திமுனை ஊசியில் 11 விழுக்காடு. பென்சில் முனை ஊசியில் 4.2 விழுக்காடு. ஊசி சரியாக இடத்தில் விழும் விகிதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எனவே இந்தத் தலைவலியின் முதல் சிகிச்சை, அறுவை அரங்கில் எந்த ஊசிப் பொதி பிரிக்கப்படுகிறது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. பென்சில் முனை ஊசியின் விலை சற்றுக் கூடுதல். ஆனால் தலைவலியால் ஒரு தாய் இன்னும் நான்கு நாள் வார்டில் படுத்திருக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிது. இளம் பெண்கள், கர்ப்பிணிகள், முன்பு இதே தலைவலி வந்தவர்கள் ஆகியோருக்கே இது அதிகம் வருவதால், பிரசவ அரங்கில் இந்தச் செலவுக்கு இன்னும் நியாயம் இருக்கிறது.

தற்செயலாக நடக்கும் இன்னொரு வகை துளை இதைவிடப் பெரியது. பிரசவ வலியைக் குறைக்க எபிடியூரல் செய்யும்போது, டியூராவுக்கு வெளியே நிற்க வேண்டிய தடித்த ஊசி சில நேரம் உள்ளே போய்விடும். 1.3 முதல் 1.6 மில்லிமீட்டர் அளவுள்ள துளை. அப்படி நேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தலைவலி வரும். நம் பெண்ணுக்கு நடந்தது அதுவல்ல. அவளுக்கு மெல்லிய ஊசிதான். துளை சிறிது என்பதால் பெரும்பாலும் தானே ஆறும். ஆனால் எத்தனை நாளில் என்பதே கேள்வி. டியூரா பெரும்பாலும் நார்களால் ஆனது. ரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. தோலைப் போல விரைந்து மூடிக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. அமெரிக்காவில் வாண்டம், டிரிப்ஸ் இருவரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகளைப் பின்தொடர்ந்து 1956இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், தலைவலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் விட்டது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது.

இந்த ஒரு வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதில்தான் நம் ஊர்களில் குழப்பம் அதிகம். மருத்துவமனைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கட்டளை ஒன்று உண்டு: முதுகில் ஊசி போட்டால் இருபத்து நான்கு மணி நேரம் தலையணை வைக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. இது தலைவலியைத் தடுக்கும் என்று நம்பித்தான் சொல்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, ஊசிக்குப் பின் படுக்க வைப்பது தலைவலியைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்றே முடித்தது. நேரம் கடந்தால் துளை மூடும். படுத்திருந்தால் வலி மறைந்திருக்கும், அவ்வளவே. வலி வந்த பிறகு படுத்துக்கொள்வது ஆறுதல் தருகிறது, அதற்காகப் படுக்கலாம். ஆனால் அதனால் துளை ஆறுவதில்லை. பிரசவித்தவளைப் பல நாள் படுக்கையிலேயே வைப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அந்த நாட்களில் காலின் சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு சாதாரண நாட்களைவிடக் கூடுதல். கிடந்தால் அது மேலும் கூடும்.

தண்ணீர் விஷயத்தில் குழப்பம் இரு திசையிலும் இருக்கிறது. சில வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். வயிறு ஊதும், குளிர் பிடிக்கும் என்று காரணம் சொல்வார்கள். மறுபக்கம், நிறையக் குடித்தால் நீர் ஊறிவிடும் என்பார்கள். மூளை நீர் குடிக்கும் தண்ணீருக்கு ஏற்றபடி சுரப்பதில்லை. நாளக்கொத்துகள் தம் அளவில்தான் சுரக்கின்றன. அதனால் அளவுக்கு மேல் குடித்தாலும், ஏற்றினாலும், தலைவலி குறையாது. ஆனால் உடம்பு வறண்டால் நிச்சயமாகக் கெடும். தாகத்துக்குக் குடிக்க வேண்டும், பால் கொடுப்பவள் சற்றுக் கூடுதலாகவே குடிக்க வேண்டும். தண்ணீரை மறுப்பதில் ஏன் எனக்குக் கோபம் வருகிறது என்பதைக் கீழே வேறொரு இடத்தில் சொல்கிறேன்.

வலிக்கு முதலில் பாராசிட்டமால். தாய்க்கு வேறு தடை இல்லையென்றால் ஐபுபுரோஃபென் போன்றவையும். அடுத்து காஃபின். விரிந்த ரத்தக் குழாய்களை அது சுருக்குகிறது. வலியைக் கொஞ்சம் குறைக்கவும் செய்கிறது. 300 மில்லிகிராம் ஒரே தடவையாகக் கொடுத்துப் பார்த்த சோதனையில் சில மணி நேரம் நிவாரணம் கிடைத்தது. மறுநாள் பலருக்கு வலி திரும்பியது. துளை அப்படியே இருக்கிறதே. பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஏனென்றால் பாலில் கொஞ்சம் கலந்து குழந்தைக்குப் போகும். நம் வீட்டுக் காபியில் எவ்வளவு காஃபின் என்பது டிகாஷனின் கெட்டியைப் பொறுத்தது. ஒன்றோ இரண்டோ டம்ளர் குடிப்பதற்குத் தடையில்லை. ஆனால் அதை மருந்தாக எண்ணி நாள் முழுவதும் குடிக்க வேண்டாம். மூக்கின் பின்புற நரம்பு முடிச்சில் மரப்பு மருந்து நனைத்த பஞ்சை வைப்பது, பிடரி நரம்பில் ஊசி போடுவது என்று வேறு வழிகளும் உண்டு. மூக்குவழி முறையைச் சாதாரண உப்புநீரோடு ஒப்பிட்ட ஒரு தரமான சோதனையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதனால் அவற்றை இங்கே நீட்டவில்லை.

வியாழக்கிழமை நம் பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமையும் நிலைமை மாறவில்லை. மாத்திரை போட்டும், காபி குடித்தும், எழுந்து பத்து நிமிடத்தில் வலி பத்துக்கு எட்டு. குழந்தைக்குப் படுத்தபடியே பால் கொடுக்கிறாள். குளிக்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறாள். "சாமி, இதுக்கு என்ன செய்யுறது?" என்று அம்மா கேட்கும் இடம் இது. மேலும் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்வது தவறில்லை. ஆனால் பொறுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அவளுக்குச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. துளையை நேரடியாக மூடும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அவளுடைய ரத்தமே அதற்கு மருந்து. எபிடியூரல் ரத்த ஒட்டு என்று சொல்லலாம்; மருத்துவர்கள் பிளட் பேட்ச் என்பார்கள்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் கார்ம்லி ஒரு விஷயத்தைக் கவனித்தார். முதுகில் ஊசி போடும்போது ரத்தம் கலந்து வந்த நோயாளிகளுக்குத் தலைவலி குறைவாக வந்தது. ஊசி போன பாதையில் கசிந்த ரத்தம் உறைந்து அடைத்திருக்குமோ என்று எண்ணி, நோயாளியின் ரத்தத்தில் இரண்டு மூன்று மில்லியை எடுத்து டியூராவுக்கு வெளியே செலுத்தினார். 1960இல் அதை எழுதினார். பத்தாண்டு கழித்து, 1970இல், டிஜியோவானி என்பவர் பத்து மில்லி வரை உயர்த்தி, பரவலாகச் செய்துகாட்டினார். அளவு மேலும் வளர்ந்தது. 15, 20, 30 மில்லிகளை ஒப்பிட்டுப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, பலரும் 20 மில்லியைக் குறியாக வைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். சோழவந்தானிலிருந்து அது இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பயணத்தில் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோவது நல்லது. போனதும் மருத்துவர் முதலில் உட்கார வைத்தும் படுக்க வைத்தும் வலியைப் பார்ப்பார். காய்ச்சல் இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, முகம், கை, கால் அசைவு, கண் அசைவு, முதுகில் ஊசி போட்ட இடம் ஆகியவற்றைப் பார்ப்பார். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எதுவும் போட்டிருக்கிறார்களா என்று கேட்பார். சிசேரியனுக்குப் பின் சிலருக்கு ஹெப்பாரின் போடுவார்கள். அது வேலை செய்யும் நேரத்தில் எபிடியூரல் இடத்தில் ஊசி போட்டால் அங்கே ரத்தம் சேர்ந்து நரம்பை நசுக்கக்கூடும். காய்ச்சல் இருந்தால் ரத்த ஒட்டு கிடையாது. ரத்தத்தில் கிருமி இருந்தால் அதையே முதுகில் கொண்டுபோய் வைத்தது போலாகிவிடும்.

எல்லாம் சரியென்றால், அவளைப் பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முதுகைச் சுத்தம் செய்து, முந்தைய துளை இருந்த இடத்திலோ அதற்கு ஓர் இடைவெளி கீழேயோ எபிடியூரல் ஊசியைச் செலுத்துவார். கீழே ஏன் என்றால், செலுத்திய ரத்தம் மேல்நோக்கியே அதிகம் பரவுகிறது. ஊசி டியூராவுக்கு வெளியே உள்ள மென்மையான இடத்தை அடைந்ததும், சிரிஞ்சின் எதிர்ப்பு சட்டெனக் குறையும், அதுதான் அடையாளம். அதே நேரம் இன்னொருவர், கை மடிப்பைப் பலமுறை சுத்தம் செய்து, 20 மில்லி ரத்தம் எடுத்துக் கொடுப்பார். அதை மெதுவாகச் செலுத்துவார்கள். முதுகிலோ காலிலோ அழுத்தமாக வலித்தால் அவள் சொல்ல வேண்டும். வலி கூடினால் அங்கேயே நிறுத்துவார்கள். முழு 20 மில்லியும் போக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

அற்புதம் போலத் தோன்றும் பகுதி இனிதான். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே பலருக்குத் தலைவலி குறையத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ரத்தம் இன்னும் உறையவில்லை. துளை அடைபட்டிருக்க வழியில்லை. பின் எப்படி? 20 மில்லி ரத்தம் டியூராவை வெளியிலிருந்து அழுத்துகிறது. நீர் மேலே தள்ளப்படுகிறது. மூளையின் மிதப்பு உடனே திரும்புகிறது. எம்ஆர்ஐயில் ரத்த ஒட்டைப் படமெடுத்துப் பார்த்தவர்கள், இந்த அழுத்தம் சில மணி நேரத்தில், ஏறத்தாழ ஏழு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் போய்விடுவதைக் கண்டார்கள். அதற்குள் உறைந்த ரத்தம் டியூராவின் மேல் ஒட்டிக்கொண்டு துளையை மூடியிருக்கும். முதல் நிவாரணம் அழுத்தத்தால். நிலைக்கும் நிவாரணம் உறைவால். அதனால்தான் ரத்தம் செலுத்திய பின் ஒன்று, இரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்கச் சொல்கிறார்கள். உறைவு அப்போதுதான் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை பேருக்கு இது பலிக்கும்? முதல் அறிக்கைகள் பத்துக்கு ஒன்பது என்றன. பின்னால் நிதானமாகத் தொடர்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு உற்சாகமாக இல்லை. பெரிய எபிடியூரல் ஊசித் துளைக்கு ஒரே ஒட்டில் முழுதாக, நிலையாகக் குணமானவர்கள் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரைதான்; ஓரளவு நிவாரணமாவது கிடைத்தவர்கள் அதைவிட அதிகம். மெல்லிய ஊசித் துளைக்கு வெற்றி வாய்ப்பு கூடுதல். நேரமும் முக்கியம். துளை விழுந்த முதல் நாளிலேயே செய்தால் தோல்வி அதிகம். இரண்டு நாள் கழித்துச் செய்தால் பலன் கூடும். முதல் ஒட்டு விட்டுப்போனால் இரண்டாவது ஒட்டு செய்யலாம். இரண்டாவதும் தவறினால் அது வெறும் கசிவுதானா என்று மறுபடி யோசித்து, படம் எடுத்துப் பார்ப்பதே சரி. ஒட்டுப் போட்ட பல பெண்களுக்கு முதுகு சில நாள் வலிக்கும். அரிதாக ஊசி மறுபடி டியூராவைத் துளைத்துவிடலாம். மிக அரிதாக நோய்த்தொற்று வரலாம். இதையெல்லாம் சொல்லி, அவளிடம் சம்மதம் வாங்கியே செய்ய வேண்டும்.

இனி, தண்ணீரை மறுப்பதில் எனக்குள்ள கோபத்துக்குக் காரணம். பிரசவித்த முதல் வாரங்களில் தலைவலிக்கு இன்னொரு காரணம் இருக்கிறது; நம் நாட்டில் மகப்பேற்று மருத்துவர்களும் நரம்பியல் மருத்துவர்களும் நன்றாக அறிந்தது. மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் பெரிய சிரைகளில் உறைவு விழுவது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் இயல்பாகவே விரைந்து உறையும். உடம்பு வறண்டால் அது கூடும். தொடக்கத்தில் அதுவும் வெறும் தலைவலியாக வரலாம். முதுகில் ஊசி போட்டவளுக்கே வரலாம். 'முதுகுல ஊசி போட்ட தலைவலிதான், போயிடும்' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்துவிடலாம். இன்னும் பிரசவத்துக்குப் பின் வரும் உயர் ரத்த அழுத்தம், மூளை உறை அழற்சி, மூளை கீழிறங்கி இழுபட்டதால் மண்டைக்குள் வரும் ரத்தக் கசிவு ஆகியவையும் உண்டு. ரத்தக் கசிவு இந்தத் தலைவலியே நீண்டுபோனதன் விளைவு என்பதால், எப்போதும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிரித்தறிய உதவுவது, நாம் தொடங்கிய அதே அடையாளம்தான். படுத்தால் போய்க்கொண்டிருந்த வலி, இப்போது படுத்தாலும் போகவில்லையா? அது முக்கியமான மாற்றம், காத்திருக்கக் கூடாது. வலிப்பு, காய்ச்சல், பார்வை மங்குதல், பேச்சு குழறுதல், ஒரு கை அல்லது கால் தளர்வது, தூக்கக் கலக்கம், நிற்காத வாந்தி, ரத்த அழுத்தம் 140க்கு 90 அளவைத் தாண்டுவது ஆகிய ஒவ்வொன்றும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி. இவற்றில் எதுவும் இருந்தால் முதலில் ஸ்கேன், சிரைகளைக் காட்டும் எம்ஆர் படம். ரத்த ஒட்டு பிறகு. தாய்வீட்டில் இருப்பவர்கள் இதில் மருத்துவருக்கு நேரடியாக உதவ முடியும். தினமும் இரண்டு முறை அவளை உட்கார வைத்து, வலி எத்தனை நிமிடத்தில் வந்தது, படுத்தால் எத்தனை நிமிடத்தில் போனது என்று ஒரு தாளில் எழுதிவைத்தால், அந்தத் தாளே மாற்றத்தை முதலில் காட்டும்.

நம் பெண்ணுக்கு சனிக்கிழமை காலை வலி பத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தே பால் கொடுக்கிறாள். ஒரு வாரம் வரை தூக்குவது, குனிவது, மலச்சிக்கலோடு முக்குவது வேண்டாம் என்றிருக்கிறார்கள். குடத்துத் தண்ணீர், நெல்மூட்டை, வெற்றிலைக் கூடை எதையும் தொடக் கூடாது, குழந்தையை மட்டும் தூக்கலாம். காலில் மரத்துப்போதல், சிறுநீர் போகாமை, முதுகு வலி நாளுக்கு நாள் ஏறுதல், காய்ச்சல் ஆகியவை வந்தால் மறுபடி வர வேண்டும். அடுத்த பிரசவத்துக்கு எங்கே போனாலும் காட்டுவதற்காக, எந்த எண் ஊசி, எந்த முனை, எந்தத் தேதியில், எத்தனை மில்லி ரத்தம் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. அது எழுதப்படாமல் கைக்கு வந்திருந்தால், அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது.